கரும்பலகையில் ஒரு தூண்டில் முள்

ரூபாயின் மதிப்பை அரசாங்கம் குறைத்ததற்காகக் கடலைமிட்டாய் வாங்கி ஊருக்கே கொடுத்தவன் இந்தியாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆனி மாதம். இரண்டே நாள் இடைவெளியில் இரண்டு தடவை குறைத்தார்கள். இருபத்தொரு ரூபாய்க்குக் கிடைத்துக்கொண்டிருந்த டாலர் இருபத்தாறை ஒட்டி வந்து நின்றது. ரேடியோவில் செய்தி வாசித்தவர் இழவு வீட்டுக் குரலில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடிவிட்டேன்.

அப்போது நான் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்த்தேன். பிரிவு என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். ஒரு அறை, ஒரு மேஜை, வெளிநாட்டுக்குச் செய்தி அடிக்க ஒரு டெலக்ஸ் இயந்திரம், நான். அவ்வளவுதான். பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவன் என்பதால் வந்த வேலை. அந்த எம்.ஏ.வுக்காக என் அப்பா கயத்தாறுக்குப் பக்கத்தில் எங்கள் கிடையிலிருந்து முப்பது ஆட்டை விற்றிருந்தார். வேலை போய் ஊருக்குத் திரும்பினால் மிச்சமிருந்த ஆடுகளை நான்தான் மேய்க்க வேண்டும். ஆடு மேய்ப்பதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் எம்.ஏ. படித்துவிட்டு மேய்த்தால், போகிற வருகிற ஒவ்வொருத்தரும் பஸ்ஸை நிறுத்தி விசாரிப்பார்கள். 

எங்கள் ஆலை மெல்லிய நூல் நூற்றது. அதற்கு நம் கரிசல் பஞ்சு ஆகாது, இழை கட்டை. எகிப்திலிருந்து நீள இழைப் பஞ்சு தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கும். நூலாகி அதே துறைமுகத்தின் வழியாக ஹாங்காங்கில் ஒரு வியாபாரிக்குப் போகும். முதலாளி தன் அறைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தார். வெளிநாட்டுக்கு விற்றது எவ்வளவு, வெளிநாட்டில் வாங்கியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் நான் அந்த மிச்சத்தை லட்சக் கணக்கில் சாக்பீசால் எழுத வேண்டும். அந்த ஆனிக்கு முன்னால் அங்கே இருந்த எண் இருபத்துநாலு.

மிட்டாய்ப் பொட்டலத்தை முதலாளி மேஜையில் வைத்து, "இனிமே நமக்கு யோகந்தான் முதலாளி. ரூவா எறங்குனா ஏத்துமதி ஏறும். புஸ்தகத்துலயே போட்டிருக்கு" என்றேன்.

முதலாளி பெரிய உடம்பு, சின்னக் கண். ஒரு மிட்டாயை எடுத்துக் கடித்தார். "ஒரு டாலருக்கு அஞ்சு ரூவா சும்மா கெடைக்குங்கேரு. நல்ல சோலிதான்" என்றார். மிச்ச மிட்டாயை ஆலை முழுக்கக் கொடுக்கச் சொன்னார். ஸ்பின்னிங் மாஸ்டர் மட்டும் வாங்கவில்லை. நூற்பு முழுவதற்கும் பொறுப்பான ஆள். முப்பது வருஷமாக இயந்திரச் சத்தத்தில் இருந்து காது பாதி போனவர், அதனால் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்வார். "பல்லு வலிக்கி!" என்று கத்தினார். நிஜக் காரணம் வேறு. என் அறையின் மேல் அவருக்கு இரண்டு வருஷமாகக் கண். நூல் சுற்றிய கோன்களைப் பெட்டியில் கட்டி அடுக்க இடம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருத்தன் உட்கார்ந்து டைப் அடிக்க அவ்வளவு பெரிய அறையா என்பது அவருடைய கட்சி.

ஆனி முடிந்து ஆடி பிறந்தது. அந்த மாதக் கணக்கைப் போட்டேன். இருபது வந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்துத் திரும்பப் போட்டேன். இருபதுதான்.

பிறகுதான் ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். மிட்டாய் வாங்குவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும். எங்கள் முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு இரண்டே நாள்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். சித்திரை விசு, ஐப்பசி விசு, அதாவது அந்த இரண்டு மாதங்களும் பிறக்கிற நாள். அன்றைக்குக் குளித்து, விபூதி பூசி, பச்சை மையில் பிள்ளையார் சுழி போட்டு, தன் முழுப் பெயரையும் தகப்பனார் பெயரையும் சேர்த்து ஒரு கையெழுத்துப் போடுவார் பாருங்கள், அது காய்வதற்கே பத்து நிமிஷம் ஆகும். ஆறு மாதத்துக்கு நூல் எவ்வளவு போகும், என்ன விலை, பஞ்சு எவ்வளவு வரும், எல்லாம் அதில் அடங்கிவிடும். நடுவில் வானமே இடிந்து விழுந்தாலும் பேனாவைத் தொடமாட்டார்.

இரண்டாவது வழக்கம், நூல் விலையை ரூபாயில்தான் எழுதுவார். "டாலரு எவன் வீட்டுச் சரக்கு? நமக்கு நம்ம ரூவா போதும்" என்பார். பஞ்சு விற்பவன் இந்தப் பேச்சைக் கேட்பானா? அவன் டாலரில்தான் எழுதினான்.

ஆக, நடந்தது இதுதான். நூல் கிலோ நூற்றைந்து ரூபாய் என்று சித்திரையில் எழுதியாகிவிட்டது. அப்போது ஹாங்காங்காரனுக்கு அது ஐந்து டாலர். இப்போது அவன் நாலு டாலர் கொடுத்தாலே நூற்றைந்து ரூபாய் ஆகிவிடுகிறது. மிச்சம் ஒரு டாலர் அவன் பையில். எங்களுக்கு வருவது அதே நூற்றைந்து, போவது அதே அளவு நூல். பஞ்சுக்கு மட்டும் கிலோ ஐம்பது ரூபாய் கொடுத்த இடத்தில் அறுபத்திரண்டு கொடுக்க வேண்டியிருந்தது. விற்றது அப்படியே நிற்க, வாங்கியது ஏறிவிட்டது. நான் மிட்டாய் கொடுத்து வரவேற்றது இதைத்தான்.

பலகையில் இருபது என்று எழுதும்போது சாக்பீஸ் என் கையில் இரண்டாக உடைந்தது.  சாயங்காலம் மாஸ்டர் ஒரு டேப்போடு என் அறைக்கு வந்தார். என்னைக் கவனிக்காத மாதிரியே சுவரிலிருந்து சுவருக்கு அளந்தார்.

"என்ன மாஸ்டர், வீடு கட்டுதீயளா?"

"ஒண்ணுமில்ல தம்பி! சும்மா! எத்தன பெட்டி அடுக்கலாம்னு பாத்தேன்!" என்று ஆலைக்கே கேட்கும்படி கத்திவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் சுவிட்சர்லாந்திலிருந்து பஞ்சைச் சீவும் கார்டிங் இயந்திரத்துக்கு உதிரிபாகம் வந்தது. அதற்கும் புது டாலர் விலை. பலகையில் பதினேழு. அன்றைக்கு முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மாஸ்டரும் இருந்தார். டேப் அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

"வேய், புஸ்தகத்துல ஏறும்னு போட்டிருக்குன்னீரு. பலகையில எறங்குது. புஸ்தகத்த எரிக்கவா, பலகைய எரிக்கவா?" என்றார் முதலாளி.

அந்த நிமிஷம் வரை எனக்கு நினைவே வரவில்லை. பயம் வந்ததும் எல்லாம் வந்தது. எம்.ஏ. இரண்டாம் வருஷம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பு, நான் பாதித் தூக்கத்தில் நோட்டில் வரைந்த ஒரு கோடு. நேராகப் பலகைக்குப் போனேன். இருபத்துநாலிலிருந்து தொடங்கி, இருபது, பதினேழு என்று கீழே இறக்கி, வளைத்து, அதற்கப்புறம் மேலே, இருபத்துநாலையும் தாண்டி, பலகையின் விளிம்பு வரை ஏற்றினேன். இங்கிலீஷ் எழுத்து ஜேயை அதன் இடது பக்கக் கொக்கியிலிருந்து தொடங்கி எழுதினால் வருகிற வடிவம்.

முதலாளி சின்னக் கண்ணை இன்னும் சின்னதாக்கிப் பார்த்தார். "இது என்னவே? தூண்டி முள்ளா?"

"முள்ளுதான் முதலாளி! மாட்டுன மீனு நாம!" என்றார் மாஸ்டர்.

"இல்ல முதலாளி. இதுக்கு ஜே கோடுன்னு பேரு. நாணயத்தோட மதிப்ப எறக்குன எல்லா நாட்டுலயும் பெரும்பாலும் இதான் நடக்கும். வெல அன்னைக்கே மாறிரும். வாங்குத அளவும் விக்கித அளவும் அன்னைக்கே மாறாது. ஏற்கெனவே பேசி முடிச்ச சரக்கு வந்துதான் தீரும், அதுக்குக் கூடுதல் ரூவா கொடுத்துதான் தீரணும். அதுனால மொதல்ல மிச்சம் கொறையும். பெறவு பழைய ஒப்பந்தம் முடியும். நம்ம சரக்கு வெளிநாட்டுக்காரனுக்கு மலிவா தெரியும், கூட வாங்குவான். வெளிநாட்டுச் சரக்கு நமக்குக் கூடுதல் வெல, கொறைச்சு வாங்குவோம். அப்பம் மிச்சம் ஏறும். பழைய எடத்தத் தாண்டி ஏறும்."

சொல்லி முடித்ததும் எனக்கே என் மேல் மரியாதை வந்தது. முதலாளி தாடையைச் சொறிந்தார்.

"எத்தன மாசத்துல?"

இங்கேதான் நான் ஒரு பொய் சொன்னேன். பாடப் புத்தகத்தில் மாதக் கணக்கு எதுவும் இல்லை. சில நாட்டில் சில மாதம் ஆகும், சில நாட்டில் ஒன்றிரண்டு வருஷம் ஆகும், ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். அதைவிட மோசம், ஏறியே தீரும் என்றும் கிடையாது. விலை மாறினால் ஆட்கள் தாங்கள் வாங்குகிற அளவைப் போதுமான அளவுக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கோடு இறங்கின இடத்திலேயே படுத்துக்கொள்ளும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மாஸ்டரின் பையில் டேப் தெரிந்தது, கயத்தாறில் ஆடுகள் தெரிந்தன.

"எட்டு மாசம்" என்றேன். "புஸ்தகத்துல எட்டுன்னு போட்டிருக்கு."

அந்த ஆலையில் பொருளாதாரம் படித்தவன் நான் ஒருவன்தான் என்ற தைரியம். முதலாளியின் மகள் திருநெல்வேலியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். என்ன படிக்கிறாள் என்று நான் விசாரித்ததில்லை.

முதலாளி விரல் விட்டு எண்ணினார். "ஆனியிலருந்து எட்டு. மாசிக் கடைசி. அதுக்குள்ள இந்த இருவத்திநாலத் தாண்டலன்னா ஏத்துமதிய நிறுத்திட்டு உள்ளூருக்கே நூல வித்துட்டுப் போறேன். நீரும் ஊரப் பாத்துக் கெளம்பிரணும். சரிதானா?"

"சரி முதலாளி" என்றேன். மாஸ்டர் சந்தோஷத்தில் பல்வலியை மறந்து சிரித்தார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எட்டு மாதம் என்பது மழை பெய்து கோடு தானாக முளைப்பதற்கான காலம் இல்லை. வகுப்பில் அதை ஒரே வீச்சில் வரைந்துவிடலாம். ஆலையில் அந்த வளைவில் உட்கார்ந்திருப்பது ஆட்கள். பச்சை மையோடு விசுவுக்குக் காத்திருக்கும் ஒருத்தர், எகிப்துப் பஞ்சைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிற ஒருத்தர், ஹாங்காங்கில் என்னைப் பார்த்தே இராத ஒருத்தர். இந்த மூன்று பேரும் அசைந்தால்தான் கோடு அசையும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

முதலில் மாஸ்டர். ஐப்பசி விசு வந்தால் முதலாளி எகிப்துப் பஞ்சுக்கும் ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதற்குள் பாதிப் பஞ்சை நம் நாட்டுப் பஞ்சாக மாற்ற வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கமும் கர்நாடகத்திலும் நீள இழைப் பஞ்சு விளைந்தது, ரூபாயில் கிடைத்தது. கலந்து நூற்க முடியுமா என்று மாஸ்டரிடம் நேராகக் கேட்டால் முடியாது என்பார். எனக்காக முடியவே முடியாது என்பார். அதனால் நேராகக் கேட்கவில்லை.

அவரோடு கூடப் படித்த ஒருத்தர் ராஜபாளையத்தில் ஒரு ஆலையில் மாஸ்டராக இருந்தார். இருவருக்கும் படிக்கிற காலத்திலிருந்தே ஆகாது. டீக்கடையில் மாஸ்டருக்குப் பக்கத்தில் போய் நின்று, வேறு ஒருத்தரிடம் சொல்வது போல, அவருடைய காதுக்கு எட்டும் அளவுக்குக் கத்திச் சொன்னேன். "ராஜபாளையத்து மாஸ்டர் கெட்டிக்காரருய்யா. எகிப்துப் பஞ்சு பாதி, நம்ம பஞ்சு பாதி, அதே நூல எறக்குதாராம். கோவில்பட்டிக்காரவியளுக்கு அது வராதுன்னு வேற சொல்லுதாராம்."

ராஜபாளையத்து மாஸ்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே எனக்கு அப்போது நிச்சயமில்லை.

மாஸ்டரின் டீ கிளாஸ் பெஞ்சில் டக்கென்று உட்கார்ந்தது. "யாரு, அவனா? அவனுக்குக் கார்டிங் மிஷினுல மூஞ்சி எது முதுகு எதுன்னு தெரியாதே! அவன் சொல்லுதானா!"

அடுத்த நாள் இரண்டு பொதி கோயம்புத்தூர்ப் பஞ்சு வேண்டும் என்று அவரே முதலாளியிடம் கேட்டார். புரட்டாசி முழுக்க ஒரு இயந்திரத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு அதன் முன்னாலேயே நின்றார். ஆரம்பத்தில் நூல் சடசடவென்று அறுந்தது. அறுந்த இழையை ஒட்டுகிற பெண்கள் கை ஓய்ந்து, "மாஸ்டர், ராஜபாளையத்துக்கு ஒரு கடிதாசி போட்டுக் கேட்டுருங்களேன்" என்று வம்புக்கு இழுத்தார்கள். அவர் முறுக்கை மாற்றினார், வேகத்தைக் குறைத்தார், அறைக்குள் ஈரத்தைக் கூட்டினார். நான்காவது வாரம் ஒரு கோனைக் கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். "அறுப்பு எண்ணிப் பாரு! எகிப்துக்கும் இதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிச்சா என் மீசைய எடுக்கேன்!" என்றார். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு எந்த நூலிலும் எந்த வித்தியாசமும் தெரியாது என்பது வேறு விஷயம்.

மாதிரியை ஹாங்காங்குக்கு அனுப்பினேன். ஐப்பசி விசு வந்தது. முதலாளி குளித்து, பூசி, பச்சைப் பேனாவோடு உட்கார்ந்தார். எகிப்துப் பஞ்சைப் பாதியாகக் குறைத்து எழுதினேன். மாஸ்டர் அதைத் தடுக்காமல், "பாதி போதும்! மீதிய நான் பாத்துக்கிடுதேன்!" என்றார். பழைய சித்திரை ஒப்பந்தத்தின் கடைசிப் பொதிகள் கப்பலில் வந்துகொண்டுதான் இருந்தன. அவை மார்கழி வரை வந்து தீர வேண்டும். குறைந்தது குறைந்ததாகத் தெரிய அவ்வளவு நாள்.

நூல் விலையை டாலரில் எழுதச் சொன்னேன். முதலாளிக்கு அது வாயில் வேப்பெண்ணெய் ஊற்றிய மாதிரி இருந்தது. "பஞ்சு வாங்குதது டாலர்ல முதலாளி. விக்கிததும் டாலர்ல இருந்தா, ரூவா இன்னும் விழுந்தாலும் பஞ்சுக்குக் கூடுதலாக் கொடுக்கது நூலு வழியாத் திரும்ப வந்துரும்" என்று கெஞ்சினேன். நெடுநேரம் கழித்துச் சம்மதித்தார். கிலோ நாலரை டாலர். எங்களுக்கு நூற்றுப் பதினேழு ரூபாய், பன்னிரண்டு ரூபாய் கூடுதல். அவனுக்குப் பழைய ஐந்து டாலருக்கு அரை டாலர் குறைவு. இரண்டு பேருக்கும் லாபம் என்று நினைத்து நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

ஹாங்காங்காரன் நான் நினைத்த மாதிரி நினைக்கவில்லை. அவன் ஐந்து டாலரை மறந்து போயிருந்தான். மூன்று மாதமாக நாலு டாலருக்கு வாங்கி ருசி கண்டுவிட்டான். நாலரை என்றதும் முறுக்கிக்கொண்டு, மாதம் நாற்பது டன் வாங்கியவன் முப்பத்திரண்டு போதும் என்று டெலக்ஸ் அடித்தான். வேறு நாட்டு ஆலைகளோடு அவனுக்கு வருஷக் கடைசி வரை ஒப்பந்தம் இருப்பதாகவும் அதில் சொல்லியிருந்தது. கலப்புப் பஞ்சு நூலின் மாதிரியைப் பார்க்க இன்னும் நாள் ஆகுமாம்.

விலை ஏறியது, அளவு இறங்கியது, பழைய எகிப்துப் பொதி வந்துகொண்டே இருந்தது. கார்த்திகையில் பலகையில் பதினைந்து என்று எழுதினேன். நான் வரைந்த கோட்டில் அவ்வளவு ஆழம் இல்லை. கோட்டை அழித்து இன்னும் கீழே இறக்கி வரைய வேண்டியிருந்தது. முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். "முள்ளு நீளமாகிக்கிட்டே போகுதே" என்றார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. மாஸ்டர் திரும்பவும் டேப்போடு வந்தார். இந்தத் தடவை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். என்னைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகவும் இருந்திருக்கும் போல, போகும்போது டீ வாங்கிக் கொடுத்தார். அது டேப்பைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. அந்த வாரம் ஊருக்குப் போனபோது ஆடுகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

மார்கழி பாதியில் ஒரு காலையில் டெலக்ஸ் கடகடவென்று ஓடியது. ஹாங்காங். மாதிரி பிடித்திருக்கிறது. மற்ற ஆலைகளின் ஒப்பந்தம் முடிகிறது, அவர்களெல்லாம் இன்னும் ஐந்து டாலர்தான் கேட்கிறார்கள். தை மாதம் நாற்பது டன், மாசியிலிருந்து நாற்பத்துநாலு டன் தர முடியுமா? நாலரை டாலருக்கே எடுத்துக்கொள்கிறேன். மூன்று நாளில் கையெழுத்துப் போட்டுத் தெரிவிக்கவும்.

காகிதத்தைக் கிழித்துக்கொண்டு முதலாளி அறைக்கு ஓடினேன். அவர் படித்தார். மடித்தார். மேஜையில் வைத்தார்.

"சித்திரை விசுவுக்குப் பாத்துக்கிடுவோம்."

"முதலாளி, மூணு நாள்தான் கேட்டிருக்கான்."

"மார்கழியில எவனாவது கையெழுத்துப் போடுவானாவே? நல்ல காரியம் தொடங்குத மாசமா இது?"

மாசிக் கடைசி என்று கெடு வைத்ததும் அவர்தான், அதற்குள் ஏறக் கிடைத்த ஒரே ஏணியைச் சித்திரைக்குத் தள்ளுவதும் அவர்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பச்சைப் பேனாவைக் கடித்துத் துப்பியிருப்பேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்து என் அறைக் கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். ஐப்பசி ஒப்பந்தத்தை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: அளவில் மாற்றம் தேவைப்பட்டால் இருதரப்பும் சுருக்கொப்பமிட்ட இணைப்பின் மூலம் செய்துகொள்ளலாம். நானே டைப் அடித்த வரி. வழக்கமான ஒப்பந்தங்களில் இருக்கும் வரி, அதனால் நானும் அடித்திருந்தேன்.

அரைப் பக்கத்தில் ஒரு இணைப்பை அடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

"முதலாளி, இது ஒப்பந்தம் இல்ல. ஐப்பசியில நீங்க போட்ட ஒப்பந்தத்தோட வாலு. நல்ல நாள்ல தொடங்குன காரியந்தான், புதுசா ஒண்ணும் தொடங்கல. கையெழுத்தும் வேண்டாம். உங்க பேரோட மொத ரெண்டு எழுத்த ஓரத்துல போட்டாப் போதும்."

"பிள்ளையார் சுழி?"

"வேண்டாம் முதலாளி. வாலுக்கு எதுக்குச் சுழி?"

"பச்ச மை?"

"எந்த மையும் சரிதான்."

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் சட்டைப் பையிலிருந்த நீலப் பேனாவை உருவி, ஓரத்தில் இரண்டே எழுத்துக் கிறுக்கினார். "இது கையெழுத்து இல்ல, ஆமா" என்று தனக்குத் தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டார். "சத்தியமா இல்ல முதலாளி" என்று சொல்லிவிட்டு, பத்து நிமிஷத்தில் அதை ஹாங்காங்குக்கு டெலக்ஸில் தெரிவித்துவிட்டேன்.

மார்கழிக் கணக்கு பதினேழு. தை பிறந்தது. எகிப்துப் பழைய பொதிகள் தீர்ந்து, புதுப் பாதிக் கணக்கு நடப்புக்கு வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் புதுப் பஞ்சு வந்து இறங்கியது. நாற்பது டன் நூல் கப்பல் ஏறியது, கிலோ நூற்றுப் பதினேழு ரூபாய். தைக் கணக்கு இருபத்தெட்டு. எழுதிவிட்டு, கூட்டல் சரிதானா என்று இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். மாசிக் கணக்கு முப்பத்தாறு. கோடு பலகையின் மேல் சட்டத்தில் போய் இடித்தது. அதற்கு மேல் வரைய இடமில்லை.

அந்தச் சாயங்காலம் மாஸ்டர் என் அறைக்கு வந்தார். கையில் டேப் இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. பின்னாலேயே இரண்டு பேர் நூல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"என்ன மாஸ்டர் இது?"

"நாப்பத்திநாலு டன்னு தம்பி! எங்கன அடுக்குதது? கோடவுன் நெறஞ்சு போச்சு! நீதான கூட வாங்குவான் கூட வாங்குவான்னு கோடு போட்ட!" என்று கத்தினார். அறையைக் காலி செய்ய முதலாளி சொல்லிவிட்டாராம். ஒரு மணி நேரத்தில் என் மேஜையும் டெலக்ஸும் வராந்தாவில் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தன. ஏழு மாதமாக அந்த அறையைக் காப்பாற்ற ஓடியிருக்கிறேன். ஜெயித்ததனாலேயே அது போய்விட்டது. மாஸ்டர் குறித்து வைத்திருந்த அளவு துளி பிசகாமல் பெட்டிகள் சுவருக்குச் சுவர் கச்சிதமாக உட்கார்ந்தன.

முதலாளி வீட்டுக்குக் கிளம்பும்போது வராந்தாவில் என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"ஏறிட்டு. எட்டு மாசம் சொன்னீரு, எட்டாம் மாசத்துல ஏறிட்டு. நல்ல புஸ்தகந்தான்."

"ஆமா முதலாளி" என்றேன், பார்வையைத் தாழ்த்தாமல்.

"எம் பொண்ணு அதத்தான் படிக்கா. தீவாளிக்கு வந்தவகிட்ட அந்தக் கோட்டக் காட்டுனேன். ஏறும்னு நிச்சயம் கெடையாது, எத்தன மாசம்னும் எந்தப் புஸ்தகத்துலயும் கெடையாதுன்னுட்டா."

 தீபாவளி என்றால் ஐப்பசி. மார்கழியில் அவர் என்னை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அந்த இரண்டு எழுத்தைக் கிறுக்கியபோது, அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சும் ஏன் முதலாளி என்ன அனுப்பல?"

"நெசத்தச் சொல்லியிருந்தீர்னா, புஸ்தகத்துல போட்டபடி ஏறுனா ஏறட்டும்னு நீரும் உக்காந்திருப்பீரு, நானும் உக்காந்திருப்பேன்" என்றார். "பொய்யச் சொன்னதுனாலதான அது நெசமாகுத வரைக்கும் அந்த ஓட்டம் ஓடுனீரு."

காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

"சித்திரை விசுவுக்கு முந்தி அந்தப் புஸ்தகத்த ஒரு தடவ படிச்சிரும். இன்னொரு மட்டம் உம்ம பொய்ய நம்புத மாதிரி நடிக்க என்னால ஏலாது."

கார் போன பிறகு மேஜை டிராயரைத் திறந்து, ஆனியில் வாங்கியதில் எறும்புக்குத் தப்பி மிஞ்சிய ஒரு கடலைமிட்டாயை எடுத்தேன். கல்லாகிவிட்டிருந்தது. சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு அதைக் கடித்துத் தின்று முடித்தேன்.